நெகட்டிவ் கோடு ஏறினால், உண்மையில் ஏறியது எது?

கேள்வி: எங்கள் செயலியைப் பற்றி வரும் கமென்ட், மென்ஷன் எல்லாவற்றையும் ஒரு கருவி தானாகவே பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரித்து வாராவாரம் சதவீதம் தருகிறது. புதிய பதிப்பு விட்ட வாரத்தில் நெகட்டிவ் சுமார் 20-லிருந்து 32 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. பதிப்பைத் திரும்பப் பெறலாமா என்று பேச்சு ஓடுகிறது. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பதில்:

இப்போதைக்கு நம்ப வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்றுக்கு அரை மணி நேரம் போதும். இன்னொன்றுக்கு இரண்டு பேர் ஒரு நாள் உட்கார வேண்டும். பதிப்பைத் திரும்பப் பெறும் முடிவை அதுவரை தள்ளி வையுங்கள்.

இப்படி ஒரு கோடு ஏறுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மக்களின் மனநிலை மாறியிருக்கலாம். மனநிலை அப்படியே இருக்க, பேசுகிற கூட்டத்தின் கலவை மாறியிருக்கலாம். அல்லது இரண்டும் மாறாமல், கருவி தவறு செய்கிற அளவு மாறியிருக்கலாம். டாஷ்போர்டில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். பெரும்பாலோர் முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டம் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் நிலைமைக்கு ஒத்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை என் வசதிக்கு எடுத்திருக்கிறேன். உங்கள் எண்களை அதே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கலவை. உங்களுக்கு இரண்டு வழிகளில் செய்திகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, நீங்கள் போடும் பதிவுகள், வீடியோக்களுக்குக் கீழே வரும் கமென்ட்கள். மற்றொன்று, உதவிக் கணக்கை டேக் செய்து எழுதுகிறவர்களின் மென்ஷன்கள். வீடியோவுக்குக் கீழே பேசுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே உங்களைப் பிடித்தவர். உதவிக் கணக்கைத் தேடி வருகிறவருக்கு ஏதோ ஒன்று ஓடவில்லை. ஆகவே இரண்டின் இயல்பான நெகட்டிவ் அளவும் வேறு வேறு.

பதிப்புக்கு முந்தைய வாரம் மொத்தம் 10,000 செய்திகள் வந்தன. வீடியோக் கமென்ட் 7,000; அதில் கருவி நெகட்டிவ் என்றது 10 சதவீதம், அதாவது 700. உதவி மென்ஷன் 3,000. அதில் நெகட்டிவ் 45 சதவீதம், அதாவது 1,350. கூட்டினால் 2,050. மொத்தத்தில் 20.5 சதவீதம்.

பதிப்பு விட்ட வாரத்தில் எல்லோரும் வெளியீட்டு வேலையில் இருந்ததால் புதிய வீடியோ எதுவும் போடவில்லை. வீடியோக் கமென்ட் 4,000-ஆகக் குறைந்தது, நெகட்டிவ் அதே 10 சதவீதம், 400. உதவி மென்ஷன் 4,000-ஆகக் கூடியது, நெகட்டிவ் 54 சதவீதம், 2,160. மொத்தம் 8,000-ல் 2,560. அதாவது 32 சதவீதம்.

இப்போது கலவை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுங்கள். பழைய வாரத்தின் விகிதத்தையே, அதாவது வீடியோவுக்கு 70 பங்கு, உதவிக்கு 30 பங்கு என்று நிலையாக வைத்தால், இரண்டாவது வாரத்தின் எண் 0.7 × 10 + 0.3 × 54, அதாவது 23.2 சதவீதம். நீங்கள் பயந்த 11.5 புள்ளி ஏற்றத்தில் மனநிலை என்று சொல்லக்கூடியது 2.7 புள்ளிதான். மீதி 8.8 புள்ளி, வீடியோ போடாததாலும் உதவிக்கு வந்தவர்கள் கூடியதாலும் வந்தது.

மக்கள்தொகைக் கணக்கு பார்க்கிறவர்கள் இரண்டு நாடுகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும்போது செய்வது இதுதான். ஒரு நாட்டில் முதியவர்கள் அதிகம் என்றால் நேரடி ஒப்பீடு ஏமாற்றும். அதனால் வயதுக் கலவையை இரண்டுக்கும் ஒன்றாக வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் டாஷ்போர்டு அதைச் செய்யவில்லை என்றால் வழிவாரியாகத் தனித்தனிக் கோடு போடுங்கள். மொத்த எண் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் நிலையான பங்குகளை வைத்துக் கூட்டுங்கள். பங்கை வாராவாரம் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய வாரங்களுக்கும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே ஆள் இருபது முறை எழுதுவதும், ஒரே வாசகத்தைப் பலர் வெட்டி ஒட்டுவதும் இந்த வகைச் சிக்கல்தான். செய்திகளோடு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்திருந்தால் அது உடனே கண்ணில் படும்.

சரி, கலவை போக உதவி மென்ஷனில் மட்டும் 45-லிருந்து 54-க்கு ஒரு ஏற்றம் மிச்சம் இருக்கிறது. அது உண்மையா? இங்கேதான் கருவி எப்படி மதிப்பெண் போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

எளிதான உதாரணமாக வேடர் (`VADER`) என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொள்கிறேன். 2014-ல் வெளிவந்தது, இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. அதற்குள் ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் மனிதர்கள் கொடுத்த எடை உண்டு. வாக்கியத்தில் கிடைத்த எடைகளைக் கூட்டி, −1-க்கும் +1-க்கும் இடையே ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும். 0.05 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ், −0.05 அல்லது அதற்குக் கீழ் என்றால் நெகட்டிவ், நடுவில் இருந்தால் நியூட்ரல். இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
from vaderSentiment.vaderSentiment import SentimentIntensityAnalyzer
a = SentimentIntensityAnalyzer()
for s in ["good", "not good", "super illa", "நல்லா இல்லை"]:
    print(s, a.polarity_scores(s)["compound"])
```

வரும் விடைகள் வரிசையாக 0.4404, −0.3412, 0.5994, 0.0.

முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னால் வரும் என்பதால் இந்தக் கருவி ஒரு சொல்லுக்கு முன்னால் உள்ள மூன்று சொற்களில்தான் மறுப்பைத் தேடும். தமிழில் ‘இல்லை’ பின்னால் வரும். தவிர, `illa` என்ற எழுத்துக்கூட்டல் அதன் பட்டியலிலேயே கிடையாது. ஆகவே “சூப்பர் இல்ல” என்று ஒருவர் குறை சொன்னால் அது நல்ல பாராட்டாகப் பதிவாகிறது. “சூப்பர் இல்ல?” என்று கேட்பவர் உண்மையிலேயே பாராட்டுகிறார், எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கேள்விக்குறிதான், அதையும் பலர் போடுவதில்லை.

நான்காவது விடை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பிழை மாதிரியே தெரியாது. தமிழ் எழுத்தில் வந்த எதுவும் பட்டியலில் இல்லை என்பதால் 0.0 கிடைத்து நியூட்ரல் பெட்டிக்குள் போய்விடுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் கூடக் கூட உங்கள் சராசரி பூஜ்யத்தை நோக்கி நகரும். ‘மக்கள் நிதானமாகிவிட்டார்கள்’ என்று அதை வாசிக்கக்கூடாது. கருவிக்குப் படிக்கத் தெரியாத செய்திகள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். நியூட்ரல் சதவீதம் திடீரென்று ஏறினால், மொழிவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இதற்குப் பதில் பயிற்சி பெற்ற பெரிய மொழி மாதிரி ஒன்றைப் போட்டால் தவறு குறையும், மறையாது. ‘மரண மாஸ்’, ‘சிரிச்சுச் செத்துட்டேன்’ போன்றவற்றைச் சரியாகப் பிடிக்கும் ஒரு மாதிரி, “ரொம்ப நன்றி, மூணு நாளா லாகின் ஆகலை” என்பதில் ‘நன்றி’யைப் பிடித்துக்கொண்டு தடுக்கி விழலாம். “இந்தச் செயலி இருந்ததால் தப்பித்தேன், பழையது படு மோசம்” என்று எழுதினால் கோபம் யார்மேல் என்று அதற்குப் பிடிபடாமல் போகலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவி தவறு செய்வது மட்டுமே காலப்போக்கைப் பார்ப்பதைக் கெடுத்துவிடாது. தராசு எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டினால்கூட எடை கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். தவறும் விகிதம் வாரத்துக்கு வாரம் மாறும்போதுதான் கோடு பொய் சொல்கிறது. அது மிக அதிகமாக மாறுவது புதிய பதிப்பு, சர்ச்சை, விலை மாற்றம் மாதிரி நிகழ்வுகளின் வாரத்தில். அன்றைக்குத்தான் மக்கள் பேசும் சொற்களே மாறுகின்றன. துல்லியம் தேவைப்படும் வாரத்திலேயே கருவி தடுமாறுகிறது என்பதால்தான் நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆகவே இரண்டாவது சோதனை, கையால் படிப்பது. உதவி மென்ஷன்களை மட்டும் எடுங்கள், ஏனென்றால் அசைவு அங்கேதான். கருவி நெகட்டிவ் என்று சொன்னவற்றிலிருந்து குலுக்கலில் 100, மற்றவற்றிலிருந்து குலுக்கலில் 100. இதை இரண்டு வாரங்களுக்கும் செய்யுங்கள், மொத்தம் 400 செய்திகள். நான்கு கட்டையும் கலந்து, தேதியையும் கருவியின் விடையையும் மறைத்துவிட்டுப் படிப்பவரிடம் கொடுங்கள். விடை தெரிந்தால் கை தானாகவே அதன் பக்கம் சாயும். இது யாருக்கும் நடக்கும்.

படித்து முடித்ததும் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய வாரம், கருவி நெகட்டிவ் என்ற 100-ல் 84 உண்மையிலேயே நெகட்டிவ். மற்ற 100-ல் கருவி தவறவிட்ட நெகட்டிவ் 12. பதிப்பு வாரம், நெகட்டிவ் என்ற 100-ல் உண்மையானவை 62 மட்டுமே. மற்ற 100-ல் தவறவிட்டவை 8.

இதை முழு எண்ணிக்கைக்கு நீட்டுங்கள். முந்தைய வாரம் 1,350-ல் 84 சதவீதம் 1,134. மீதி 1,650-ல் 12 சதவீதம் 198. மொத்தம் 1,332, 3,000-ல் இது சுமார் 44 சதவீதம். பதிப்பு வாரம் 2,160-ல் 62 சதவீதம் 1,339. மீதி 1,840-ல் 8 சதவீதம் 147. மொத்தம் 1,486, 4,000-ல் இது சுமார் 37 சதவீதம்.

கருவியின் கோடு 45-லிருந்து 54-க்கு ஏறியது. கையால் படித்த மதிப்பீடு 44-லிருந்து 37-க்கு இறங்கியிருக்கிறது.

எப்படி இது நடக்கும்? கருவி தவறாக நெகட்டிவ் என்று சொன்ன அந்த 38 செய்திகளைத் திரும்ப எடுத்து வாசித்தால் புரியும். புதிய பதிப்பு ஒரு பழைய பிழையைச் சரிசெய்தது. ஆகவே மக்கள், “இப்போ க்ராஷ் ஆகலை”, “அந்த எரர் பிரச்சனை ஒருவழியா போச்சு”, “ஹேங் ஆகிற தொல்லை முடிஞ்சது” என்று எழுதுகிறார்கள். க்ராஷ், எரர், பிரச்சனை, தொல்லை என்று வரிசையாக வரும் சொற்களைப் பார்த்துக் கருவி சிவப்புக் கொடி காட்டுகிறது. ‘ஆகலை’, ‘போச்சு’, ‘முடிஞ்சது’ என்பவைதான் வாக்கியத்தின் உயிர், அவை கடைசியில் நிற்கின்றன. பிழை சரியானதற்கு வந்த பாராட்டு, பிழை பற்றிய புகாராக எண்ணப்பட்டுவிட்டது. உதவி மென்ஷன்களின் சதவீதத்தில் கருவி காட்டிய உயர்வு இங்கிருந்துதான் வந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமும் வேண்டும். நூறு நூறாகப் படித்ததால் இந்த மதிப்பீடுகளில் தடுமாற்றம் உண்டு. முதல் வாரத்தின் 44-க்கு ஏறக்குறைய கூடக்குறைய 5 புள்ளி, இரண்டாவது வாரத்தின் 37-க்கு கூடக்குறைய 6 புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள 7 புள்ளி வித்தியாசத்துக்கு மட்டும் சுமார் 7.5 புள்ளி தடுமாற்றம். ஆகவே ‘அதிருப்தி குறைந்துவிட்டது’ என்று அடித்துச் சொல்ல இந்த 400 செய்திகள் போதாது. ‘கருவி காட்டிய 9 புள்ளி ஏற்றம் நடக்கவில்லை’ என்று சொல்ல இது தாராளமாகப் போதும். திரும்பப் பெறுவதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்குத் தேவையானதும் அதுதான். இன்னும் கூர்மையாக வேண்டுமானால் ஒவ்வொரு கட்டிலும் 400 படியுங்கள், தடுமாற்றம் பாதியாகும். நாலு மடங்கு உழைப்புக்குப் பாதிதான் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சதவீதம் இறங்கினாலும் உண்மையான நெகட்டிவ் செய்திகளின் எண்ணிக்கை 1,332-லிருந்து 1,486-ஆகக் கூடியிருக்கிறது. உதவிக் குழுவில் பதில் எழுதுகிறவருக்குச் சதவீதம் பொருட்டில்லை. அவருக்கு வேலை கூடியது உண்மை. ‘வேலை தாங்க முடியவில்லை’ என்று அவர் சொன்னால் உங்கள் திருத்திய கோட்டைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். அவர் எண்ணிக்கையைச் சொல்கிறார், நீங்கள் பங்கைச் சொல்கிறீர்கள், இரண்டும் சரி.

கையால் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதர்களே ஒத்துப்போவதில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கமென்ட்களை வைத்து 2020-ல் வெளிவந்த `TamilMixSentiment` என்ற தொகுப்பில் பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர ‘கலவையான உணர்வு’, ‘தெரியவில்லை’ போன்ற பெட்டிகளையும் வைக்க வேண்டியிருந்தது. “டிசைன் அருமை, ஆனா பேட்டரி குடிக்குது” எந்தப் பக்கம்? முதல் 50 செய்திகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். பத்துக்கு மேல் வேறுபட்டால் நிறுத்திவிட்டு, எது நெகட்டிவ் என்பதற்கு ஒரே ஒரு வரியில் விதி எழுதுங்கள். நான் வைக்கும் விதி இது: ‘இதைப் படித்துவிட்டு நம் தரப்பில் யாராவது எதையாவது சரிசெய்ய வேண்டுமா?’ வேண்டும் என்றால் நெகட்டிவ். பேட்டரி கமென்ட் அப்போது தயங்காமல் நெகட்டிவ் ஆகிவிடும். கலவையை அந்தப் பக்கம் தள்ளுவது என் விருப்பம்; நீங்கள் வேறு விதி வைக்கலாம், ஆனால் இரண்டு வாரங்களுக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும்.

படித்த அந்தச் செய்திகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றிலிருந்து 300-ஐ மனிதர்கள் கொடுத்த விடையோடு தனியாகப் பூட்டி வையுங்கள். வாராவாரம் கருவியை அந்த 300 மீதும் ஓட்டுங்கள். செய்திகள் மாறவே இல்லை என்பதால் விடையும் மாறக்கூடாது. மாறினால், கருவியைத் தரும் நிறுவனம் உள்ளே இருக்கும் மாதிரியைப் புதுப்பித்திருக்கிறது என்று அர்த்தம். பலர் அதை அறிவிக்காமலே செய்வார்கள். அன்றைய தேதியில் கோட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதை நிறுத்துங்கள். மூலச் செய்திகளைச் சேமித்து வைத்திருந்தால் பழைய வாரங்களையும் புதிய மாதிரியால் மறுபடி மதிப்பிட்டுக் கோட்டை ஒட்ட வைக்கலாம். மதிப்பெண்ணை மட்டும் சேமித்தவர்களுக்கு அந்த வழி கிடையாது.

பூட்டிய 300-ல் விடை அசையவில்லை, ஆனால் அந்தந்த வாரத்தின் புதிய செய்திகளைப் படிக்கும்போது கருவியின் தவறு கூடுகிறது என்றால், மாறியது மக்களின் பேச்சு. மேலே பார்த்த க்ராஷ் கதை இந்த வகை. வாராவாரம் 400 செய்தி படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சாதாரண வாரங்களில் நெகட்டிவ் என்று வந்ததிலிருந்து 30-ஐப் படியுங்கள், அரை மணி நேரம். அதில் வழக்கமாக 25 சரியாக இருந்துவிட்டு ஒரு வாரம் 18 ஆனால், முழுச் சோதனையை அன்றே ஆரம்பியுங்கள். பதிப்பு விடும் வாரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், நேராக முழுச் சோதனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், திரும்பப் பெறும் பேச்சுக்கு வருகிறேன். என்னுடைய கணக்கு மாதிரி உங்களுக்கும் வந்தால், கூட்டத்தில் 32 என்ற எண்ணைப் பேச விடாதீர்கள். உண்மையாக நெகட்டிவ் என்று தேறிய அந்த 62 செய்திகளை அச்செடுத்து மேசையில் வையுங்கள். அவை எதைப் பற்றியவை என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல் எழுதுங்கள்: லாகின், பேட்டரி, புதிய மெனு, பழைய போன். பெரும்பாலானவை ஒரே சொல்லின் கீழ் குவிந்தால், உதாரணத்துக்குப் பழைய போன்களில் திறக்கவில்லை என்று 40 பேர் சொன்னால், பதிப்பு முழுவதையும் திரும்பப் பெற வேண்டியதில்லை. அந்த போன்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாம். முந்தைய வாரத்திலும் அதே புகார்கள் அதே அளவில் இருந்தனவா என்று அந்த 84-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருந்திருந்தால், அதற்குக் காரணம் புதிய பதிப்பு இல்லை.